நெட்டா, ஆர்கன்ஸாவா? புதுநன்மை கவுனுக்கும் முக்காட்டுக்கும் துணி எடுக்கும் முன்

காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு, ஈஸ்டர் முடிந்த கையோடு ஒரே மாதிரி கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, பாப்பாவுக்குப் புதுநன்மை. நெட்டு எடுக்கவா, ஆர்கன்ஸா எடுக்கவா?" கத்தோலிக்கக் குழந்தைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் நாள்தான் புதுநன்மை. இதே கேள்வியைக் கல்யாண வரவேற்புக்கு அடுக்குப் பாவாடை தைக்க வருபவர்களும் கேட்கிறார்கள். கடையில் மின்விளக்கின் கீழ் இரண்டும் அழகாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து கத்தரி வைத்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். ஒன்று கையில் நிற்காமல் வழுக்கும், இன்னொன்று தொட்ட இடமெல்லாம் பிரிந்துகொண்டு வரும்.

போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஒன்பது வயது மகளுக்குக் கவுனும் முக்காடும் தானே தைக்கப்போவதாகவும், துணி மட்டும் எது என்று சொன்னால் போதும் என்றும் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல் ஒரு மணி நேரம் பேசினோம். பேசியதை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

பெரும்பாலானவர்கள் மீட்டர் விலையைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஓரத்தின் நீளத்தை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இடுப்பு 30 இன்ச். மூன்றடுக்குப் பாவாடை, ஒவ்வொரு அடுக்கும் மேலே உள்ளதைப் போல இரண்டு மடங்கு அகலம். முதல் அடுக்கு 60, அடுத்தது 120, அடுத்தது 240. அடி ஓரங்கள் மட்டும் கூட்டினால் 420 இன்ச், அதாவது பத்தே முக்கால் மீட்டருக்குப் பக்கம். அந்த ஓரத்தை மடித்துத் தைக்கவேண்டுமா, பீக்கோ அடிக்கவேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா என்பதில்தான் உங்கள் இரண்டு நாள் உழைப்பு இருக்கிறது.

இரண்டாவது, இழுபடுவது. மெல்லிய துணிகள் எல்லாமே எங்காவது மாட்டும், ஆனால் மாட்டினால் என்ன ஆகும் என்பது துணிக்குத் துணி வேறு. நெட்டில் ஓட்டை விழும். ஆர்கன்ஸாவில் ஓட்டை விழாது, ஒரு இழை இழுபட்டுக் குறுக்கே பளபளவென்று கோடு போடும். வெளிச்சம் பட்டால் அந்தக் கோடுதான் முதலில் கண்ணில் படும்.

மூன்றாவது, தைத்த இடம் சுருங்கி நிற்பது. நாலாவது, உடுத்தப்போவது யார், எங்கே, எத்தனை முறை என்பது. ஏப்ரல், மே வெயிலில் பூசை முடிந்து வெளியே வந்து படம் எடுத்துக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிடப்போகிற குழந்தைக்கு ஒரு துணி. ஒரே ஒரு மாலை மேடையில் நிற்கப்போகிற பெண்ணுக்கு வேறு துணி.

## மென்மையான நெட்

பெயர் பல. டல் என்பார்கள், சாஃப்ட் நெட் என்பார்கள். பிரான்சில் டூல் என்ற ஊரின் பெயர் அது. ஒரு காலத்தில் கையால் பின்னியதை மிஷினில் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட், 1809-இல் காப்புரிமை வாங்கினார். இன்று நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர் நூலில் பின்னலாடை முறையில் வருவது. நமக்கு வேண்டிய சங்கதி இதுதான்: இது நெய்த துணி இல்லை. நீளவாக்கில் ஓடும் பாவு இழையும் குறுக்கே ஓடும் ஊடை இழையும் கிடையாது, அதனால் வெட்டிய ஓரம் பிரியாது. எங்கே வெட்டினாலும் அப்படியே விட்டுவிடலாம். மேலே சொன்ன பத்தே முக்கால் மீட்டர் ஓரத்துக்கு வேலை பூஜ்யம்.

முக்காட்டுக்கு இதைவிட நல்ல துணி இல்லை என்றே சொல்வேன். 58 இன்ச் அகலத்தில் சாதாரணமாகக் கிடைப்பதால் நடுவில் ஒட்டுத் தையல் வராது. நாலாக மடித்து, மடிப்பில் கனமான இரண்டு மூன்று பொருள்களை வைத்து அழுத்திக்கொண்டு (நான் அரைப்படி, சின்னக் குழவி எல்லாம் வைப்பேன்) நீளமான கத்தரியால் நிறுத்தாமல் வெட்டவேண்டும். கத்தரியை முழுக்க மூடி மூடித் திறந்தால் ஒவ்வொரு மூடலிலும் ஒரு சின்னப் பல் விழும். நுனி மூடாமல், முக்கால்வாசி மூடி முன்னே தள்ளிக்கொண்டே போனால் ஓரம் வழுவழுவென்று வரும்.

இதற்கு மறைவான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. நெட் ஒரு அடுக்கு போட்டால் ஒன்றும் தெரியாது. நிறம் கட்டுவதற்கே மூன்று, நாலு அடுக்கு வேண்டும். ஒவ்வொன்றும் இடுப்பைப் போல மூன்று மடங்கு வைத்தால்தான் பூத்து நிற்கும். அதாவது நாலு அடுக்கு போட்டால் இடுப்புத் தையலில் பன்னிரண்டு பங்கு துணி வந்து குவிகிறது. மிஷின் பாதத்துக்கு அடியில் அது போகவே போகாது, போனாலும் குழந்தையின் இடுப்பில் கயிறு கட்டியது போல இருக்கும். இரண்டு அடுக்கை மட்டும் இடுப்பில் வைத்து, மற்ற இரண்டை உள்ளே லைனிங்கில் மூன்று இன்ச் கீழே இறக்கித் தைத்துவிட்டால் பாரம் பிரிந்துவிடும்.

அப்புறம் அரிப்பு. நெட் நேரடியாகத் தோலில் படக்கூடாது. காட்டன் லைனிங் கட்டாயம், அதையும் முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டவேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி, நெட் மட்டும் அசடாகத் தொங்கும். இந்த ஊர்க் காய்ந்த காற்றில் நெட் உடம்போடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். லைனிங் காட்டனாக இருந்தால் அது குறையும்.

கேன்கேன் என்று விற்கும் கெட்டி நெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பாவாடை குடை போல நிற்க அது உதவும். ஆனால் அதன் வெட்டிய ஓரம் அரம் போன்றது. மென்மையான நெட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு லைனிங் இல்லாமல் வைத்தால், குழந்தை நாலு முறை உட்கார்ந்து எழுந்ததும் மேலே உள்ள நெட் கந்தலாகிவிடும். ஓட்டைக்குக் காரணம் தெரியாமல் பலர் துணியைத் திட்டுகிறார்கள்.

## பாலியஸ்டர் ஆர்கன்ஸா

இது நெய்த துணி. பாவு, ஊடை இரண்டும் மெலிந்த, விறைப்பான இழைகள். ஒரே அடுக்கிலேயே உருவம் நிற்கும். இரண்டு அடுக்கு போட்டால் நிறமும் கட்டிவிடும். இடுப்பைப் போல இரண்டரை மடங்கு போதும், அதற்கு மேல் வைத்தால் பாவாடை காற்றடைத்தது போல ஆகிவிடும்.

சிக்கல் ஓரம்தான். வெட்டிய நொடியிலிருந்து இழை பிரியத் தொடங்கும். கால் இன்ச் தையல் இடம் விட்டால் தைத்து முடிப்பதற்குள் பாதி பிரிந்திருக்கும், அதனால் அரை இன்ச்சாவது விடுங்கள். உள் தையல் வெளியே தெரியும் துணி என்பதால் சாதாரணத் தையல் அசிங்கமாக இருக்கும். இரட்டைத் தையல்தான் வழி. நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி இரண்டு துணியையும் வைத்து ஓரத்திலிருந்து கால் இன்ச்சில் ஒரு தையல். அந்த ஓரத்தை அதில் பாதியாக நறுக்கிவிட்டுத் திருப்பி, நகத்தால் கீறி மடித்து, மறுபடி கால் இன்ச்சில் இரண்டாவது தையல். பிரியும் இழைகள் உள்ளே அடைபட்டுவிடும். முதல் தையலுக்குப் பிறகு நறுக்காமல் விட்டால், வெளியே மீசை மாதிரி இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

அடி ஓரத்துக்கு மூன்று வழி. புடவைக்கு அடிப்பது போல பீக்கோ அடிப்பது ஒன்று. ஊதுவத்தியாலோ மெழுகுவத்தியாலோ ஓரத்தை உருக்கி அடைப்பது இன்னொன்று. பூ செய்வதற்கு அது சரி, பாவாடை ஓரத்துக்கு நான் செய்யமாட்டேன். உருகிய ஓரம் மணி மணியாகக் கெட்டியாகி, கீழ் அடுக்கை உரசி இழுக்கும். குழந்தையின் கால் தோலையும் கீறும்.

மூன்றாவது வழியைப் பலர் கவனிப்பதில்லை. அது துணிக் கரை, அதாவது தறியிலேயே முடிந்த, கத்தரி படாத ஓரம். அது பிரியாது. துணியை நீளவாக்கில் வெட்டி, கரையையே பாவாடையின் அடி ஓரமாக வைத்துவிட்டால் பீக்கோவே வேண்டாம். 44 இன்ச் அகலத் துணியில் இரண்டு பக்கமும் கரை உண்டு, ஆக இரண்டு அடுக்குக்கு இரண்டு கரை. இன்னொரு லாபமும் இருக்கிறது. இப்படி வெட்டும்போது பக்கத் தையல் ஊடை போகும் திசையில் விழும். பாவு திசையில் விழும் தையல்தான் அதிகம் சுருங்கும், ஊடைத் திசையில் அவ்வளவு சுருங்காது.

கடையில் கரையைத் தடவிப் பார்த்து வாங்குங்கள். சில துணிகளில் கரையோரம் வரிசையாக ஊசித் துளைகள் இருக்கும், ஆலையில் துணியை விரித்துப் பிடித்த தடம் அது. சிலதில் கரை உடலைவிட இறுக்கமாக இருந்து அலை அலையாக இழுக்கும். அப்படிப்பட்ட துணிக்கு இந்த வழி ஒத்துவராது.

இதன் இன்னொரு குறை மடிப்பு. கடைக்காரர் மடித்துத் தந்த கோடு வீட்டில் போவதற்குப் பெரும்பாடு. உருளையில் சுற்றித் தரச் சொல்லுங்கள். இஸ்திரிப் பெட்டியைச் சிந்தெட்டிக் அளவிலேயே வைத்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத்தான் தேய்க்கவேண்டும். கரிப்பெட்டி வண்டிக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதில் சூட்டைக் குறைக்கும் திருகு இல்லை, ஒரு பொறி விழுந்தாலும் போச்சு. நெட்டுக்கும் இதே எச்சரிக்கைதான், நைலான் பாலியஸ்டரைவிடச் சீக்கிரம் உருகும்.

## பட்டு ஆர்கன்ஸா

பட்டு நூலில் இயற்கையாக ஒரு பசை உண்டு. சாதாரணப் பட்டில் அதைக் காய்ச்சி எடுத்துவிடுவார்கள். ஆர்கன்ஸாவில் விட்டுவைப்பார்கள், அந்த விறைப்பு அதனால் வருவதுதான். இது புரிந்தால் மற்றதும் புரியும். சூடான சோப்புத் தண்ணீரில் துவைத்தால் பசை கரைந்து துணி துவண்டுவிடும். தண்ணீர்த் துளி பட்டால் வட்டமாகத் தடம் நிற்கலாம். அதனால் டிரைகிளீனிங் செலவையும் சேர்த்தே இதன் விலையைப் பார்க்கவேண்டும்.

தைப்பதற்கு, சொல்லப்போனால், மூன்றிலும் இதுதான் நல்ல பிள்ளை. பாலியஸ்டர் போல வழுக்காது. இஸ்திரி போட்டால் மடிப்பு நிற்கும், எடுக்க நினைத்தால் போகும். கத்தி மடிப்பு வைத்த பாவாடைக்கும், ரவிக்கையின் மேலடுக்குக்கும், சரிகை லேஸ் வைக்கும் முக்காட்டுக்கும் இது எடுப்பாக இருக்கும். பத்திரப்படுத்தி அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிற எண்ணம் இருந்தால் எடுக்கலாம். ஒன்பது வயதுக் குழந்தை ஒரு நாள் போட்டு, அடுத்த வருடம் உயரம் தாண்டிவிடும் கவுனுக்கு வேண்டாம். வியர்வையும் சாம்பாரும் ஒரே நாளில் கணக்கை முடித்துவிடும்.

"ஆர்கன்ஸா பட்டு" என்ற பெயரில் பாலியஸ்டரை விற்பது சகஜம். ஓரத்தில் நாலு இழை உருவி, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். பாவிலிருந்தும் ஊடையிலிருந்தும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள், ஒன்று பட்டு ஒன்று பாலியஸ்டர் என்று கலந்ததும் உண்டு.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | மென்மையான நெட் | பாலியஸ்டர் ஆர்கன்ஸா | பட்டு ஆர்கன்ஸா |
|---|---|---|---|
| வெட்டிய ஓரம் | பிரியாது, அப்படியே விடலாம் | பிரியும். கரை, பீக்கோ அல்லது இரட்டைத் தையல் | பிரியும். கரை அல்லது இரட்டைத் தையல் |
| மாட்டினால் | ஓட்டை | பளபளக்கும் கோடு | கோடு, ஆனால் சற்று நீவிச் சரிசெய்யலாம் |
| தையல் சுருக்கம் | குறைவு. மிஷின் பல்லுக்குள் இழுபடும் | அதிகம் | நடுத்தரம் |
| வேண்டிய அடுக்கு | 3 அல்லது 4 | 2 | 2 |
| சுருக்கின் அளவு | 3 மடங்கு | இரண்டரை மடங்கு | 2 முதல் இரண்டரை மடங்கு |
| மறைவான செலவு | அதிக மீட்டர், நல்ல லைனிங் | ஓர வேலை | டிரைகிளீனிங் |
| பொருந்தும் இடம் | முக்காடு, பூத்த பாவாடை | உருவம் நிற்கும் பாவாடை, பஃப் கை | மடிப்புப் பாவாடை, பத்திரப்படுத்தும் முக்காடு |

## எந்தத் துணி எடுத்தாலும் மிஷின் பக்கம்

எங்கள் ஊர் மிஷின்கள் பெரும்பாலும் கண்டாங்கிக்கும் காட்டன் ரவிக்கைக்கும் பழகியவை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கி அழுத்தமான பருத்தி, அதற்குப் பதினாறாம் நம்பர் ஊசி போட்டிருப்போம். அதே ஊசியோடு ஆர்கன்ஸாவை வைத்தால் முதல் தையலிலேயே இழை இழுபடும். ஒன்பதாம் நம்பர் ஊசி, புதியது. கிடைக்காவிட்டால் பதினொன்று, அதற்கு மேல் கூடாது. ஒவ்வொரு கவுனுக்கும் புது ஊசி போடுவது என் வழக்கம், ஒரு ஊசியின் விலை ஒரு டீயைவிட அதிகமில்லை. பழைய ஊசியைச் சோதிக்கவேண்டும் என்றால் அதன் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுங்கள். கோடு விழுந்தால் நுனி மடங்கியிருக்கிறது.

ஊசி இறங்கும் தட்டையும் தடவுங்கள். ஊசி உடைந்த மிஷின்களில் துளையோரம் சின்னச் சிராய்ப்பு இருக்கும், கைக்குத் தெரியாது, துணிக்குத் தெரியும். பழைய நைலான் ஸ்டாக்கிங்கோ ஒரு துண்டு ஆர்கன்ஸாவோ வைத்துத் தேய்த்தால் மாட்டும். மிக மெல்லிய எமரி தாளைச் சுருட்டித் துளைக்குள் விட்டு நாலு சுற்று சுற்றினால் போய்விடும்.

காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மிஷின் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. நேர்த்தையல் மட்டும் போடும் அதன் தட்டில் துளை சின்ன வட்டம். ஜிக்ஜாக் போடும் புது மிஷின்களில் துளை அகலம், நெட்டை உள்ளே விழுங்கிவிடும். அப்படிப்பட்ட மிஷினில் துணிக்கு அடியில் வெள்ளை பட்டர் பேப்பர் பட்டையை வைத்துத் தைத்து, பிறகு தையலை விரலால் பிடித்துக்கொண்டு கிழித்து எடுங்கள். செய்தித்தாள் மை ஒட்டும். பட்டம் செய்யும் நிறக் காகிதம் வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் இறங்கும். தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு துண்டு காட்டனில் தைக்க ஆரம்பித்து, நிறுத்தாமல் நெட்டுக்குள் ஏறிவிடுவேன்.

சுருங்கி நிற்கும் தையலுக்கு எல்லாரும் நூலின் இறுக்கத்தை, அதாவது டென்ஷனைத்தான் திருகுகிறார்கள். காரணம் மூன்று இருக்கலாம், எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மிச்சத் துண்டுகள் இரண்டைச் சேர்த்து ஒரு அடி நீளம் தையுங்கள். சுருங்கியிருக்கிறதா? மேல் நூலை மட்டும் இரண்டு இன்ச்சுக்கு ஒரு முறை பிளேடால் வெட்டுங்கள். துணி உடனே சமமானால் குற்றம் டென்ஷனில்தான். மேல் திருகைத் தளர்த்துங்கள், பாபின் கேஸ் திருகையும் கால் சுற்று தளர்த்துங்கள். பாபின் நூலையும் நினைத்துப் பாருங்கள். பாலியஸ்டர் நூலை வேகமாகப் பாபினில் சுற்றினால் அது நீண்டபடி சுற்றிக்கொள்ளும், தைத்து முடித்த பிறகு பழைய நீளத்துக்குச் சுருங்கித் துணியையும் இழுக்கும். இரவு நன்றாக இருந்த தையல் காலையில் சுருங்கியிருந்தால் இதுதான் காரணம். மெதுவாகச் சுற்றுங்கள்.

மேல் நூலை வெட்டியும் சமமாகவில்லை என்றால் அடி நூலையும் எடுத்துவிட்டு இரண்டு துண்டையும் அருகருகே வையுங்கள். தொடக்கத்தில் சமமாக இருந்தவை முடிவில் ஒன்று நீண்டு ஒன்று குட்டையாகத் தெரிந்தால், மிஷின் பல் கீழ்த் துணியை வேகமாகத் தள்ளியிருக்கிறது. பாதத்தை அழுத்தும் மேல் திருகைத் தளர்த்தி, முன்னும் பின்னும் கையால் லேசாக இழுத்துப் பிடித்துத் தையுங்கள். இழுத்து ஓட்டக்கூடாது, துணி தொய்யாமல் இருந்தால் போதும்.

இரண்டும் இல்லை, துண்டுகள் சமம்தான், ஆனாலும் தையல் நெடுகச் சின்னச் சின்ன நெளிவு இருந்தது என்றால் அது ஆர்கன்ஸாவுக்கே உரிய தொல்லை. விறைத்த இழைகளுக்கு நடுவில் ஊசியும் நூலும் இடம் பிடிக்கும்போது அவை நகர இடமில்லாமல் மேலே எழுகின்றன. டென்ஷனை எத்தனை திருகினாலும் போகாது. நூலை மெலிதாக்குங்கள் (நூல் உருளையின் எண் கூடக் கூட நூல் மெலியும்), தையலை இன்ச்சுக்குப் பத்து, பன்னிரண்டு என்று குறைத்து வையுங்கள். முடிந்தால் தையல் கோட்டைப் பாவுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாக விழும்படி வெட்டுங்கள். காட்டன் நூல் வேண்டாம், நனைந்தால் அதுவே சுருங்கும்.

வெட்டும் இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல மேசை கிடையாது. வழவழப்பு, குளிர்ச்சி, எங்கும் மாட்டாது. ஆனால் பூப்போட்ட கல்லின் மேல் நெட்டை விரித்தால் எது நெட், எது பூ என்று கண் தடுமாறும். அடர் நீலத்தில் பூ இல்லாத படுக்கை விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு விரியுங்கள். செதுக்கு வேலை உள்ள கதவு, தூண் பக்கம் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். கையும் சொரசொரப்பாக இருக்கக்கூடாது. நான் கொஞ்சம் சர்க்கரையில் தேங்காய் எண்ணெய் விட்டுக் கையில் தேய்த்து, சோப்பால் நன்றாகக் கழுவித் துடைத்த பிறகுதான் ஆர்கன்ஸாவைத் தொடுவேன். எண்ணெய் மிச்சமிருந்தால் துணியில் கறை.

## அந்தத் தேவகோட்டைக் கவுன்

அளவு: இடுப்பு 24, இடுப்பிலிருந்து நீளம் 28. தையலுக்கு அரை இன்ச் உள்ளே போனால் முடிந்த நீளம் இருபத்தேழரை.

நெட்டில் தைத்தால்: ஒரு அடுக்கு 72 இன்ச். 58 அகலத்தில் 28 உயரப் பட்டை இரண்டு விழும், ஆக 72 இன்ச் நீளத்தில் இரண்டு அடுக்கு, 144 இன்ச்சில் நாலு அடுக்கு. அதாவது மூன்றே முக்கால் மீட்டர். ஓர வேலை இல்லை. சுருக்கு வைக்கும் நூல்தான் அறுந்து அறுந்து உயிரை எடுக்கும். 72 இன்ச்சையும் ஒரே நூலில் இழுக்காமல் நாலு பகுதியாக, ஒவ்வொன்றையும் 18 இன்ச்சிலிருந்து 6 இன்ச்சுக்குச் சுருக்கி, இடுப்பின் கால் பாகத்தோடு பொருத்தினால் அறாது. இரண்டு வரிசை நீளத் தையல் போட்டு அடிநூல் இரண்டையும் சேர்த்து இழுக்கவேண்டும்.

ஆர்கன்ஸாவில் தைத்தால்: ஒரு அடுக்கு 60 இன்ச். 44 அகலத்தை நீளவாக்கில் 28, 16 என்று இரண்டாகப் பிளந்தால், இரண்டு பட்டைக்கும் ஒரு பக்கம் கரை. 28 பட்டை அடிப்பாவாடை, 16 பட்டை அதன் மேல் குட்டையான மேலடுக்கு. இரட்டைத் தையலுக்கு முனையில் இடம் சேர்த்தால் ஒன்று அறுபது மீட்டரில் பாவாடை முடிந்தது. பீக்கோவும் இல்லை. இடுப்பில் குவியும் துணி ஐந்து பங்குதான், நெட்டில் பன்னிரண்டு. கை, ரவிக்கைப் பகுதிக்குத் தனியாக வாங்கவேண்டும், அது இரண்டு துணிக்கும் பொது.

எண்களைப் பார்த்ததும் அவர் முடிவு செய்துவிட்டார்: பாவாடை ஆர்கன்ஸா, முக்காடு நெட். முக்காட்டுக்கு ஒரு மீட்டர் நெட், நாலாக மடித்து மூலைகளை வட்டமாக வெட்டி, மேல் ஓரத்தை மட்டும் சுருக்கிச் சீப்பில் கையால் தைப்பது. சீப்பின் பற்களில் நெட் மாட்டாமல் இருக்க முதலில் சீப்பின் தண்டைச் சாட்டின் ரிப்பனால் சுற்றச் சொன்னேன். "லைனிங் நீளம்?" என்று கேட்டார். ஆர்கன்ஸாவைவிட ஒரு இன்ச் குறைவு.

கடைசியாகக் கேட்டது கொலுசு பற்றி. பாட்டி வாங்கிக் கொடுத்த கொலுசைப் பாப்பா கழற்றமாட்டாளாம். சலங்கை வைத்த கொலுசு. ஆர்கன்ஸாவுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை, படியேறும்போது ஒவ்வொரு சலங்கையும் ஒரு இழையைப் பிடிக்கும். நீளத்தைக் கணுக்காலுக்கு இரண்டு இன்ச் மேலே நிறுத்தலாம் என்றேன். அப்படியென்றால் 28 இல்லை, 26. மீதி இரண்டு இன்ச்சை மேலடுக்கில் சேர்த்து 18 ஆக வெட்டிக்கொள்ளலாம், இரண்டு கரையும் அப்படியே கிடைக்கும். நோட்டில் 26, 18 என்று எழுதிக்கொண்டு, துணிக்கடை மூடுவதற்குள் போகவேண்டும் என்று கிளம்பினார்.